பெட்டிக்குள் அடங்காத பதவிகள்

திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணன் தம்பி இருவர் பங்குதாரர்கள். அலுவலகத்திலும் மேற்பார்வையிலும் இருபது பேருக்குக் கீழே; தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து நூறு பேருக்குள். வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது. தயாராக வைத்திருக்க வேண்டிய காகிதங்களின் பட்டியலில் ‘ஆர்கனைசேஷன் சார்ட்’ என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு மணி நேர வேலை என்று நினைத்து அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரிடம் அதைக் கொடுக்கிறார்கள். அவர் பவர்பாயிண்டைத் திறந்து, `SmartArt` பட்டியலிலிருந்து சார்ட் ஒன்றை எடுத்துப் பதவிகளை வரிசையாகத் தட்டுகிறார். நாலைந்து பெட்டிகள் வரை அழகாகத்தான் வரும். பத்தைத் தாண்டியதும் எழுத்துகள் சுருங்கத் தொடங்கும். எல்லாம் முடிந்து அச்செடுத்துப் பார்த்தால் மூக்குக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது.

எழுத்து ஏன் சுருங்குகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். ஏ4 தாளைப் படுக்கவைத்தால் அகலம் 29.7 சென்டிமீட்டர். இரு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் ஓரம் விட்டால் மிச்சம் 26.7. நம் நிறுவனத்தில் நான்கு மேலாளர்கள். அவர்களுக்குக் கீழே மொத்தம் 13 பதவிகள். பதின்மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இடையில் 0.4 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் ஒரு பெட்டிக்குக் கிடைப்பது 1.7 சென்டிமீட்டர்கூட இல்லை. அதிலும் பவர்பாயிண்ட் பெட்டியின் இரு ஓரங்களிலும் கால் சென்டிமீட்டர் உள் இடைவெளியைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். எழுதக் கிடைக்கும் இடம் 1.2 சென்டிமீட்டர்.

பத்துப் புள்ளி அளவில் ஒரு தமிழ் எழுத்து, எழுத்துருவைப் பொறுத்து, சராசரியாக 3 மில்லிமீட்டர் அகலம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு வரிக்கு நான்கு எழுத்து. நம் பட்டியலில் ‘உற்பத்தித் திட்டமிடல் மற்றும் கட்டுப்பாட்டு அலுவலர்’ என்று ஒரு பதவி இருக்கிறது. அதில் ‘கட்டுப்பாட்டு’ என்ற ஒரு சொல்லே ஏழு எழுத்து. சொல்லை நடுவில் உடைக்காமல் அதை 1.2 சென்டிமீட்டருக்குள் அடக்க எழுத்தின் அளவு 6 புள்ளிக்கும் கீழே இறங்க வேண்டும். `SmartArt` அந்தப் பெட்டியை மட்டும் சுருக்கிவிட்டு நிற்பதில்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கட்டும் என்று, அதே மட்டத்தில் உள்ள மற்றப் பெட்டிகளின் எழுத்தையும் அதே அளவுக்கு இறக்கிவிடும். ஒரு பதவியின் நீளத்துக்காக ‘கணக்காளர்’ என்ற ஆறெழுத்துப் பெட்டியும் எறும்பு எழுத்தாகிறது.

பலரும் இந்த இடத்தில் தாளை ஏ3 ஆக்கிவிடுவார்கள். ஆடிட்டர் கையில் கொடுக்கும் கோப்பு ஏ4. மடித்துச் செருகிய ஏ3 இரண்டாவது மாதமே மடிப்பில் கிழியும். பெட்டிகளை அடுக்கும் விதத்தை மாற்றுவதே மேல். மேலாளர்கள் நால்வரும் ஒரே வரிசையில் நிற்கட்டும். அவர்களுக்குக் கீழே உள்ளவர்களைப் பக்கவாட்டில் பரப்பாமல், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட வேண்டும். `SmartArt`-ல் மேலாளரின் பெட்டியைத் தேர்ந்தெடுத்து `Layout` என்பதை அழுத்தினால் `Standard`, `Both`, `Left Hanging`, `Right Hanging` என்று நான்கு வகைகள் வரும். முதலாவது பக்கவாட்டில் பரப்புவது. கடைசி இரண்டும் ஒரு பக்கமாகத் தொங்கவிடுபவை. `Both` ஒரு நடுக்கோட்டின் இருபுறமும் தொங்கவிடும். அதன் அருமை பிறகு தெரியும்.

தொங்கவிட்டதும் அகலத்தைப் பங்குபோட வேண்டியது 13 பேருக்கு இல்லை, நாலைந்து பேருக்குத்தான். ஒரு பெட்டிக்கு 4.2 சென்டிமீட்டர் தாராளமாகக் கிடைக்கும். உள் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் பத்துப் புள்ளியிலேயே ஒரு வரிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று எழுத்துகள் நிற்கும்.

அடுத்து பதவிப் பெயர்கள். தரப் பிரிவில் ‘தரக் கட்டுப்பாட்டு மேலாளர்’, ‘தரக் கட்டுப்பாட்டு லைன் பரிசோதகர்’, ‘தரக் கட்டுப்பாட்டு இறுதிப் பரிசோதகர்’ என்று மூன்று பெட்டிகளிலும் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பத்தியின் தலையில் ‘தரம்’ என்று எழுதிவிட்டால் கீழே ‘மேலாளர்’, ‘லைன் பரிசோதகர்’, ‘இறுதிப் பரிசோதகர்’ போதும். நியமன உத்தரவில் முழுப் பெயர் இருக்கட்டும். அதை யாரும் சுருக்கச் சொல்லவில்லை. முதலெழுத்துகளாகச் சுருக்குவதில் மட்டும் கவனம் தேவை. ‘உ.தி.க.அ.’ என்று எழுதினால் அந்தப் பதவியில் இருப்பவருக்கே புரியாது. அதே ஆளைத் தொழிற்சாலையில் எல்லோரும் ‘பி.பி.சி.’ என்கிறார்கள் என்றால் பெட்டியிலும் ‘பி.பி.சி. அலுவலர்’ என்று எழுதலாம். வாயில் புழங்கும் சுருக்கம் எல்லோருக்கும் தெரியும். சார்ட்டுக்காக அன்றைக்குக் கண்டுபிடித்த சுருக்கம் யாருக்கும் தெரியாது.

சுருக்க முடியாத பெயர்களை வரி பிரிப்பதும் கையால் செய்ய வேண்டிய வேலை. ‘மனிதவளம் மற்றும் சமூக இணக்க அலுவலர்’ என்பதை மென்பொருளின் போக்குக்கு விட்டால் ‘மனிதவளம் மற்றும் / சமூக இணக்க / அலுவலர்’ என்று அமையலாம். அல்லது ‘மற்றும்’ தனியாக ஒரு வரியில் விழுந்து தொங்கலாம். Shift விசையோடு Enter தட்டி, பொருள் முடியும் இடத்தில் நாமே உடைத்துவிட வேண்டும். வரி இடைவெளியை `Exactly` என்று வைத்து இறுக்கக் கூடாது. ஆங்கில எழுத்துக்குச் சரியாக இருக்கும் இடைவெளி, தமிழில் புள்ளியையும் இகர ஈகாரக் குறியையும் வெட்டிவிடும். புள்ளி போன ‘மேலாளர்’ ‘மேலாளர’ ஆகிவிடும். பெட்டியின் உயரத்தை எல்லா இடத்திலும் மூன்று வரிக்கு வைத்துவிட்டால் ஒரு வரிப் பதவியும் மூன்று வரிப் பதவியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் உறுத்தாது.

இதுவரை சொன்னது பெட்டி சமாச்சாரம். கோடு சமாச்சாரம் இதைவிடச் சிக்கலானது. சிறு நிறுவனத்தில் ஒருவர் இரண்டு பேருக்குப் பதில் சொல்வது சகஜம். தையல் லைனில் நிற்கும் பரிசோதகருக்குத் தர மேலாளரும் வேலை சொல்வார், உற்பத்தி மேலாளரும் வேலை சொல்வார். ஸ்டோர் கீப்பரின் இருப்புக் கணக்கு கணக்குப் பிரிவுக்குப் போகிறது. துணியும் ஜிப்பும் எந்த நேரத்தில் எந்த லைனுக்குப் போக வேண்டும் என்பதை உற்பத்திப் பிரிவு சொல்கிறது. ஏற்றுமதி ஆவணங்களைப் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பது கணக்குப் பிரிவில், நாள் முழுக்கப் பேசுவது மெர்ச்சண்டைசரிடம். `SmartArt` ஒரு பெட்டிக்கு மேலே ஒரே ஒரு பெட்டியைத்தான் அனுமதிக்கும். ஆகவே இரண்டாவது கோட்டை நாமே வரைய வேண்டும். அதற்கு முன்னால் எது முதல் கோடு என்று முடிவு செய்ய வேண்டும்.

முதல் கோடு முழுக் கோடு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்றே ஒன்று. மற்றவை விட்டுவிட்டு வரையும் துண்டுக் கோடு. எது முழுக் கோடு என்பதை அறிய மூன்று கேள்விகள் போதும். லீவு யாரிடம் கேட்பார்? சம்பள உயர்வுக்கு யார் பெயர் சொல்வார்? தவறு நடந்தால் யார் கூப்பிட்டுக் கேட்பார்? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் அங்கே முழுக் கோடு. பதில்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தால் கோடு போடும் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை முதலாளிகளிடம் பேசி முடிக்க வேண்டும்.

ஆடிட்டர்களும் இதைத்தான் சோதிப்பார்கள். சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு லைனுக்குப் போய்ப் பரிசோதகரிடம் பேச்சுக் கொடுப்பார்கள்.

“லீவு வேணும்னா யாருகிட்டம்மா கேப்பீங்க?”

“புரொடக்‌ஷன் மேனேஜருகிட்டத்தானுங்க சார்.”

சார்ட்டில் அந்தப் பெட்டி தர மேலாளருக்குக் கீழே இருக்கிறது. இந்த ஒரு பதிலில் சார்ட் பொய்யாகிவிட்டது. கப்பலேற்றும் தேதி நெருங்கும்போது உற்பத்தி மேலாளருக்குச் சரக்கு பேக்கிங்குக்குப் போயாக வேண்டும். லீவும் சம்பளமும் அவர் கையில் இருந்தால், ‘இந்த லாட்டைப் பாஸ் பண்ணிடு’ என்று அவர் சொல்லும்போது பரிசோதகர் எப்படி மறுப்பார்? தரம் பார்ப்பவரின் முழுக் கோடு உற்பத்திக்குப் போகக் கூடாது என்பதன் காரணம் இதுதான். இந்த இடத்தில் சார்ட்டை மாற்றி எழுதித் தப்பிக்க முடியாது, லீவு விண்ணப்பம் போகும் மேஜையை மாற்ற வேண்டும். ஸ்டோர் கீப்பருக்கும் இதே நியாயம்தான். பொருளைச் செலவழிக்கும் பிரிவே இருப்புக் கணக்கையும் கையில் வைத்திருக்கக் கூடாது. அதனால் அவருடைய முழுக் கோடு கணக்குப் பிரிவுக்கு, துண்டுக் கோடு உற்பத்திக்கு.

தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 தரத்தின் 2015-ம் ஆண்டுப் பதிப்பு, 5.3-ம் பிரிவில் பொறுப்பும் அதிகாரமும் ஒதுக்கப்பட்டு, தெரிவிக்கப்பட்டு, புரிந்துகொள்ளப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. சார்ட் வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்றையும் ஒரே தாளில் காட்ட அதைவிட எளிய வழி இல்லாததால் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள்.

ஒரு ஆளுக்கு எத்தனை மேலாளர் என்ற சண்டை பழையது. அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர் 1903-ல் எழுதிய நூலில், தொழிலாளி ஒவ்வொருவரும் வேலையின் ஒவ்வோர் அம்சத்துக்கு ஒருவராக எட்டு மேற்பார்வையாளர்களிடம் உத்தரவு பெறலாம் என்றார். பிரெஞ்சுச் சுரங்க நிறுவனம் ஒன்றை நடத்திய ஹென்றி ஃபயோல் 1916-ல் அதற்கு நேர்மாறாக, ஒருவருக்கு ஒரே ஒரு மேலதிகாரிதான் என்றார். முழுக் கோடும் துண்டுக் கோடும் சேர்ந்த இன்றைய வழக்கத்தில் இருவருக்கும் பாதிப் பாதி வெற்றி என்று சொல்லலாம். முதல் ஆர்கனைசேஷன் சார்ட் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இவர்கள் இருவருக்கும் முந்தையது. 1855-ல் நியூயார்க்–ஈரி ரயில்வேக்காக டேனியல் மெக்காலம் தயாரிக்க, ஹென்ஷா என்பவர் வரைந்த அந்தப் படத்தில் இயக்குநர் குழு அடியில் வேராக இருக்கிறது; ரயில் பாதைகளும் ஊழியர்களும் கிளைகளாக மேலே போகிறார்கள். முதலாளியை உச்சியில் உட்காரவைக்கும் பழக்கம் பிறகு வந்தது.

நம் நிறுவனத்துக்கு வருவோம். துண்டுக் கோடுகளை யோசிக்காமல் வரைந்தால் அவை தாளின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு எல்லாப் பெட்டிகளையும் வெட்டிக்கொண்டு ஓடும். இதற்கு மருந்து கோட்டில் இல்லை, பத்திகளின் வரிசையில் இருக்கிறது. யார் யாரைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பரிசோதகரைத் தரமும் உற்பத்தியும் பகிர்கின்றன. ஸ்டோர் கீப்பரை உற்பத்தியும் கணக்கும். ஆவண அலுவலரைக் கணக்கும் மெர்ச்சண்டைசிங்கும். மூன்றையும் கோத்துப் பார்த்தால் தரம், உற்பத்தி, கணக்கு, மெர்ச்சண்டைசிங் என்று ஒரே சரமாக வருகிறது. இதுவே பத்திகள் நிற்க வேண்டிய வரிசை, இடமிருந்து வலமாக. பல நிறுவனங்களில் முக்கியத்துவம் பார்த்து மெர்ச்சண்டைசிங்கை முதலில் வைப்பார்கள். அதைத் தொடக்கத்திலேயே கைவிட்டால், எந்தத் துண்டுக் கோடும் பக்கத்துப் பத்தியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

முழுக் கோடு பெட்டியின் மேலேயோ, தொங்கும் பத்தியில் இடப்பக்கத்திலோ வந்து சேரட்டும். துண்டுக் கோடு எப்போதும் எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பட்டும். பரிசோதகரின் பெட்டிக்கு இடப்பக்கத்தில் தர மேலாளரின் முழுக் கோடு. வலப்பக்கத்திலிருந்து துண்டுக் கோடு கிளம்பி, இரண்டு பத்திகளுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக மேலேறி, உற்பத்தி மேலாளரின் பெட்டியை இடப்பக்கத்தில் தொடுகிறது. சந்துக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டால் போதும். அதில் முழுக் கோடு எதையும் ஓடவிடக் கூடாது.

கணக்குப் பத்தியில் மட்டும் ஒரு சங்கடம் வரும். அங்கிருந்து ஸ்டோர் கீப்பரின் துண்டுக் கோடு இடப்பக்கம் உற்பத்திக்குப் போக வேண்டும், ஆவண அலுவலருடையது வலப்பக்கம் மெர்ச்சண்டைசிங்குக்கு. எல்லோரும் ஒரே பக்கமாகத் தொங்கினால் இரண்டில் ஒன்று முழுக் கோட்டை வெட்டும். `Both` வகை இங்கேதான் கைகொடுக்கிறது. கணக்கு மேலாளரிடமிருந்து கோடு நடுவில் இறங்குகிறது. ஸ்டோர் கீப்பரும் கணக்காளரும் அதற்கு இடப்பக்கம். ஆவண அலுவலரும் மனிதவள அலுவலரும் வலப்பக்கம். இரண்டு துண்டுக் கோடுகளும் வெளிப்பக்கமாகவே கிளம்பிவிடும். மற்ற மூன்று பத்திகளுக்கும் ஒவ்வொரு பெட்டி அகலம், கணக்குக்கு மட்டும் இரண்டு. ஆக மொத்தம் ஐந்து. முன்னே சொன்ன 4.2 சென்டிமீட்டர் இந்த ஐந்துக்கும் சந்துகளுக்கும் கணக்குப் பார்த்துத்தான்.

நான்காவதாக ஒரு பகிர்வும் இருக்கிறது. சாம்பிள் டெய்லர் மெர்ச்சண்டைசிங்கின் ஆள். ஆனால் லைனில் புது ஸ்டைல் ஏறும் முதல் நாள் உற்பத்தி மேலாளருக்கும் அவர் வேண்டும். உற்பத்தி, கணக்கு, மெர்ச்சண்டைசிங் மூன்றும் இப்போது முக்கோணமாகிவிட்டன. நேர்வரிசையில் மூன்றையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைக்க எந்த வித்தையாலும் முடியாது. இங்கே கோடே வேண்டாம். பெட்டியின் மூலையில் சின்னதாக ‘1’ என்று போட்டு, தாளின் அடியில் ‘1 – புது ஸ்டைல் தொடங்கும்போது உற்பத்தி மேலாளருக்கும்’ என்று எழுதிவிடலாம். எல்லாப் பிரிவுக்கும் பொதுவான மெக்கானிக், டிரைவர் போன்றவர்களுக்கும் இந்த வழிதான். பொதுவாக நாலைந்து துண்டுக் கோடுகளுக்கு மேல் போனால் கண் தடுமாறும். மிச்சத்தைக் குறிப்பாக்கிவிடுவது நல்லது.

இனி உச்சியில் இருக்கும் அண்ணனும் தம்பியும். அண்ணன் பையர்களையும் பணத்தையும் பார்க்கிறார், தம்பி தொழிற்சாலையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் தனித்தனிப் பெட்டி போட்டால் தரம், கணக்கு, மெர்ச்சண்டைசிங் மூன்றும் அண்ணனிடமும், நடுவில் மாட்டிக்கொண்ட உற்பத்தி மட்டும் தம்பியிடமும் போய்ச் சேரும். கோடுகள் கட்டாயம் வெட்டும். தம்பியின் பெட்டியை அரை வரி கீழே இறக்கினால் வெட்டாது. ஆனால் அந்த அரை வரியால் வீட்டில் எத்தனை பேர் எத்தனை நாள் பேசாமல் இருப்பார்கள் என்று வரைபவர் யோசித்துக்கொள்ள வேண்டும். அகலமான ஒரே பெட்டியில் இரண்டு பெயர்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, அவரவர் பெயருக்குக் கீழே அவரவர் துறையைச் சிறிய எழுத்தில் குறித்து, பெட்டியின் அடியிலிருந்து ஒரே கோடாக இறக்குவதுதான் சுத்தமான வழி. 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தின் தொழிலைப் பொறுத்தவரை ஒவ்வொரு பங்குதாரரும் நிறுவனத்தின் முகவர்தான் என்பதால் ஒரே பெட்டி பொய்யும் ஆகாது. ‘பெரியவர் ஒண்ணு சொல்றார், சின்னவர் ஒண்ணு சொல்றார்’ என்ற புலம்பல் இதனால் தீர்ந்துவிடாது. துறைகளை எழுத்தில் போட்டிருப்பதால், எந்த விஷயத்தில் யார் சொல்வது செல்லும் என்று காட்ட ஒரு தாளாவது இருக்கும்.

ஒரே ஆள் இரண்டு பதவி வகித்தால் பெட்டிகளை ஒன்றாக்க வேண்டாம். பதவிக்கு ஒரு பெட்டி. இரண்டாவதில் பெயருக்குப் பக்கத்தில் ‘கூடுதல் பொறுப்பு’ என்று எழுதினால் ஆள் எண்ணிக்கையில் குழப்பம் வராது, புதிதாக ஒருவரை எடுக்கும்போது படத்தையும் மாற்ற வேண்டியிருக்காது. தையல்காரர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி போடுவதும் வீண். லைன் சூப்பர்வைசருக்குக் கீழே ‘தையல்காரர்கள்’ என்று ஒரு பெட்டியும் அதில் எண்ணிக்கையும் போதும்.

வரையும்போது, அடுக்கு ஒழுங்குக்கு வந்ததும் `Convert to Shapes` கொடுத்து `SmartArt`-ஐச் சாதாரணப் பெட்டிகளாக மாற்றிக்கொள்ளுங்கள். இனி எழுத்து தானாகச் சுருங்காது. கையால் இழுக்கும் கோடுகளும் பெட்டியில் ஒட்டும். துண்டுக் கோட்டுக்குச் சாதாரணக் கோட்டை எடுக்காமல் `Elbow Connector` எடுத்து, பெட்டியின் ஓரத்தில் தெரியும் புள்ளியில் பிடித்து விட வேண்டும். அப்போது பெட்டியை நகர்த்தினால் கோடும் கூடவே வரும். வேர்டில் இப்படி ஒட்ட வேண்டுமானால் முதலில் `Drawing Canvas` ஒன்றைப் போட்டு அதற்குள் வரைய வேண்டும். அதற்குப் பவர்பாயிண்டே சுலபம். துண்டுக் கோட்டுக்கு வெளிர்ச் சாம்பல் நிறமும் பொடிப் புள்ளிகளும் திரையில் நன்றாக இருக்கும், ஜெராக்ஸில் காணாமல் போகும். கறுப்பில் `Dash` வகை, ஒன்றரைப் புள்ளி தடிமன் வைத்தால் நகலின் நகலிலும் நிற்கும். எந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று தாளின் அடியில் ஒரு வரி எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு நகல் எடுத்து, அந்த நகலை மறுபடி நகலெடுத்துப் பாருங்கள்.

ஆடிட்டில் கடைசியாக மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அழகில் இல்லை, பெயரில். ஆறு மாதம் முன்பு வேலையை விட்டுப்போன கட்டிங் மாஸ்டரின் பெயர் சார்ட்டில் இருக்கும். பதவியைத் தடித்த எழுத்திலும் பெயரைக் கீழே தனி வரியிலும் வைத்தால் ஆள் மாறும்போது அந்த ஒரு வரியைத்தான் தொட வேண்டியிருக்கும். தாளின் வலது கீழ்மூலையில் பதிப்பு எண், தேதி, ஒப்புதல் கையெழுத்து மூன்றும் இருக்கட்டும். புதிய பதிப்பு போடும் அன்றே கேட்டிலும் கேன்டீன் சுவரிலும் ஒட்டிய பழைய தாள்களைக் கிழித்துவிட வேண்டும்.